வாடகை ரசீதும் ஓனர் கையெழுத்தும்: மதுரையில் எச்.ஆர்.ஏ. கழிவு கேட்பவர்களுக்கு

எச்.ஆர்.ஏ. எனப்படும் வீட்டு வாடகைப்படிக்கான வரிக் கழிவுக்கு ரசீது வேண்டும் என்று ஓனர் வீட்டுப் படியேறுவதற்கு முன், அந்த ரசீதால் உங்களுக்கு உண்மையிலேயே பிரயோசனம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து, நீங்களாக எழுதிக் கொடுக்காவிட்டால் அலுவலகம் உங்களைப் புதிய வரிமுறையில்தான் வைக்கும். அதில் எச்.ஆர்.ஏ. கழிவு கிடையாது. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டுமே இந்தக் கழிவு.

2025-26 நிதியாண்டில், சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாதவருக்குப் புதிய முறையில் 12 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் வரை வரியே வராது. படிப்பு முடித்து முதல் வேலைக்கு வந்திருக்கும் பெரும்பாலானோர் இந்த எல்லைக்குள்தான் இருப்பார்கள். அவர்களுக்கு ரசீது தேவையில்லை, ஓனரைச் சங்கடப்படுத்தவும் தேவையில்லை. அதற்கு மேல் சம்பளம் வாங்கி, சொந்த ஊரில் வீட்டுக் கடன் வட்டி, சேமிப்பு, மருத்துவக் காப்பீடு என்று வேறு கழிவுகளும் சேர்ந்திருப்பவருக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய நிலை வரும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வடபழஞ்சி ஐடி பார்க்கில் வேலை, கே.கே.நகரில் மாதம் 20,000 வாடகைக்கு வீடு. ஆண்டுச் சம்பளம் 15 லட்சம். அதில் அடிப்படைச் சம்பளம் ஏழரை லட்சம், எச்.ஆர்.ஏ. 3 லட்சம். கழிவு மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான். முதலாவது, கையில் வாங்கிய எச்.ஆர்.ஏ., அதாவது 3 லட்சம். இரண்டாவது, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம். சென்னையில் இருப்பவருக்கு 50 சதவீதம், மதுரைக்கு 40தான். இதுவும் 3 லட்சம் வருகிறது. மூன்றாவது, கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்த மீதி. 2,40,000 வாடகையில் 75,000 போக 1,65,000. இதுதான் குறைவு, ஆகவே இதுதான் கழிவு. அகவிலைப்படி ஓய்வூதியக் கணக்கில் சேரும் வேலை என்றால் அதையும் அடிப்படைச் சம்பளத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இவருக்கு வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், வழக்கமான சேமிப்புக் கழிவு ஒன்றரை லட்சம், என்.பி.எஸ். ஓய்வூதியத் திட்டத்தில் 50,000, மருத்துவக் காப்பீடு 25,000 என்று வைத்துக்கொண்டால், எச்.ஆர்.ஏ. கழிவோடு பழைய முறையில் வரி 87,880. எச்.ஆர்.ஏ. கழிவு இல்லாவிட்டால் அதே பழைய முறையில் 1,24,800. புதிய முறையில் 97,500. ஆக, ரசீது கையில் இருந்தால்தான் பழைய முறை இவருக்குக் கட்டும், அதுவும் வருடத்துக்கு 9,600 ரூபாய் அளவுக்கு. இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஓனரோடு பேசும்போது பயன்படும்.

இங்கே சொல்வதெல்லாம் 2025-26 ஆண்டுக்கான கணக்கு. 2026 ஏப்ரலில் தொடங்கும் ஆண்டிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறும். உங்கள் அலுவலகம் அந்தந்த ஆண்டுக்குக் கொடுக்கும் படிவத்தையே நிரப்புங்கள்.

அலுவலகம் என்ன கேட்கும்

எச்.ஆர்.ஏ. மாதம் 3,000 ரூபாய் வரைதான் என்றால் பொதுவாக ரசீது கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் வாடகை ரசீது, வாடகை ஒப்பந்தம் இரண்டும் கேட்பார்கள். 12பிபி என்ற படிவத்தில் ஓனரின் பெயர், முகவரி, ஆண்டு வாடகை மூன்றையும் நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணும் கட்டாயம். மாதக் கணக்கில் பார்த்தால் 8,333 ரூபாய்க்கு மேல் போனாலே பான் வேண்டும்.

முக்கால்வாசித் தகராறு இந்தப் பான் எண்ணில்தான் வருகிறது. ரசீதில் கையெழுத்துப் போட மறுக்கும் ஓனர்கள் குறைவு. பான் என்றதும் "அது எதுக்குப்பா?" என்பார்கள். எனவே இந்தப் பேச்சை எப்போது எடுப்பது என்பதே முக்கியம்.

எப்போது கேட்பது

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு கேளுங்கள். வீடு பார்த்து, வாடகை பேசி, தண்ணீர் வசதி, இபி மீட்டர் எல்லாம் கேட்டு முடித்த அந்த இடத்திலேயே இதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது அது பேச்சுவார்த்தையில் ஒரு அம்சம். ஓனர் முடியாது என்றால் வேறு வீடு பார்க்கலாம், அல்லது வாடகையைக் குறைத்துக் கேட்கலாம். குடிபோய் எட்டு மாதம் கழித்துத் திடீரென்று பான் எண் கேட்டால், புதிதாக ஏதோ சிக்கலில் மாட்டிவிடப் பார்க்கிறீர்கள் என்ற எண்ணம் அவருக்கு வரத்தான் செய்யும்.

தரகர் மூலம் பிடித்த வீடு என்றால் "அதெல்லாம் ஓனர் கொடுப்பாரு சார்" என்ற தரகர் வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஓனர் வாயிலிருந்தே கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்திலும் ஒரு வரி போடச் சொல்லுங்கள்: "வாடகை பெற்றதற்கு மாதந்தோறும் ரசீது வழங்கவும், வருமான வரிக் காரணங்களுக்காகத் தம் பான் எண்ணைத் தெரிவிக்கவும் வீட்டு உரிமையாளர் சம்மதிக்கிறார்." ஒப்பந்தம் தட்டச்சு செய்பவர்கள் பழைய மாதிரியையே வைத்துப் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். இந்த வரியை நீங்களாகச் சொன்னால்தான் சேரும்.

ஏற்கெனவே குடியிருப்பவர்கள் என்றால் மாதத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். அலுவலகத்தில் உத்தேசக் கணக்குக் கேட்பது ஏப்ரலில், சான்றுகள் கேட்பது பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள். ஏப்ரல் கடைசியில் சித்திரைத் திருவிழா வந்துவிடும், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். ஜனவரி நடுவில் பொங்கல். ஓனர் அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்துக்காரர் என்றால் அந்த வாரம் அவரைப் பிடிக்கவே முடியாது. ஆகவே உத்தேசக் கணக்குக்கு ஏப்ரல் முதல் வாரத்திலும், சான்றுக்கு டிசம்பரிலும் வேலையை முடித்துவிடுவது நல்லது. வாடகை கொடுக்கப் போகும்போதே கேளுங்கள். பணம் கையில் வாங்கிய நேரத்தில் ரசீது கேட்டால் அது இயல்பாக இருக்கும்.

எப்படிக் கேட்பது

சட்டத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, வாடகைக்கு ரசீது பெறுவது குடியிருப்பவரின் உரிமை. ஆனாலும் வாசலில் நின்று சட்டம் பேசினால் ரசீது கிடைக்கலாம், அடுத்த வருடம் வீடு கிடைக்காது. வேலையை அவருக்குச் சுலபமாக்குவதே நல்ல வழி. எழுதிய தாள், ஸ்டாம்பு, பேனா, ஸ்டாம்பு பேடு எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். பேச்சு இப்படி இருக்கலாம்:

"ஐயா, ஆபீஸ்ல வாடகை ரசீது கேக்குறாங்க. மாசாமாசம் உங்க அக்கவுண்டுக்குப் போடுற இருவதாயிரத்துக்குத்தான். வருசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல போறதால உங்க பான் நம்பரும் எழுதணுமாம். எல்லாம் நானே எழுதிக் கொண்டாந்துருக்கேன். நிதானமாப் படிச்சுப் பாருங்க, சரின்னா கையெழுத்துப் போடுங்க. ஒரு காப்பி உங்ககிட்டயே இருக்கட்டும்."

தொகையைச் சொல்வதும், பான் எதற்கு என்று சொல்வதும், படித்துப் பார்க்க நேரம் கொடுப்பதும் கட்டாயம் இருக்க வேண்டும். உடனே போடச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். "என் மகன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றால், தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படமும் அனுப்பிவிடுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பெரிய நிறுவனங்களில் இந்தத் தாள்களைச் சரிபார்ப்பவர்கள் பெங்களூரிலோ நொய்டாவிலோ இருப்பார்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஓனருக்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம். ஒரே தாளில் மேலே தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும் எழுதி, இரண்டுக்கும் பொதுவாகக் கடைசியில் கையெழுத்து வாங்குங்கள். தனக்குப் புரியாத தாளில் கையெழுத்துப் போடத் தயங்குகிறவரைக் குறை சொல்ல முடியாது.

ஓனரின் பயங்களுக்குப் பதில்

முதல் பயம், வரி. இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது தவறு. வாடகை வருமானம் அவருடைய கணக்கில் வரவேண்டியதுதான். உங்கள் படிவத்தில் எழுதும் பான் எண் அலுவலகம் வழியாக வருமான வரித் துறைக்குப் போகும். அவர் காட்டாத வாடகையை நீங்கள் காட்டினால் கேள்வி வரலாம். இதை மறைக்காதீர்கள். ஆனால் கணக்குப் போட்டுக் காட்டினால் பலருக்குப் பயம் தெளிந்துவிடும்.

ஓனர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மாதம் 40,000 பென்ஷன் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 2,40,000. அதில் மாநகராட்சிக்குக் கட்டிய வீட்டு வரி 6,000 முதலில் கழியும். மீதி 2,34,000இல் 30 சதவீதம், பராமரிப்புக்கு எவ்வளவு செலவு செய்தார் என்ற கேள்வியே இல்லாமல் கழியும். அது 70,200. ஆக வரிக் கணக்கில் சேரும் வாடகை 1,63,800 மட்டுமே. பென்ஷன் 4,80,000இல் புதிய முறையில் 75,000 கழிந்து 4,05,000. வங்கி வட்டி ஒரு லட்சம் என்றாலும் மொத்தம் 6,68,800. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். மொத்த வருமானம் 4 லட்சத்துக்கு மேல் போவதால் ரிட்டன் மட்டும் தாக்கல் செய்ய வேண்டும். பென்ஷன்காரர்கள் பலர் அதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பார்கள். ஓனருக்கு நாலைந்து வீடுகள் இருந்தாலோ, நிலம் விற்ற லாபம் போன்ற வேறு வருமானம் இருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது அவருடைய ஆடிட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது பயம், ரசீது கொடுத்தால் குடியிருப்பவர் வீட்டை விட்டுப் போக மாட்டார் என்பது. வயதானவர்களிடம் இது ஆழமாக இருக்கும். உண்மையில் ரசீது அவருக்குத்தான் பாதுகாப்பு. இந்த வீட்டில் நீங்கள் இருப்பது வாடகைக்குத்தான், மாதாமாதம் பணம் கொடுத்துத்தான் என்பதற்கு உங்கள் கையிலிருக்கும் தாளே சாட்சி. அவரிடம் ஒரு நகல் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவதாகச் சிலர், "பான் தரேன், வாடகையில ஆயிரம் கூட்டிக் கொடு" என்பார்கள். மேலே சொன்ன கணக்கை இப்போது எடுங்கள். பழைய முறையால் உங்களுக்கு மிச்சம் 9,600. வாடகை மாதம் ஆயிரம் கூடினால் வருடத்துக்கு 12,000. கூடிய வாடகைக்கும் சேர்த்துக் கிடைக்கும் வரிக் குறைப்பைக் கழித்தாலும் உங்கள் லாபம் ஏறக்குறைய முழுவதும் அங்கேயே போய்விடும். அந்த நிலையில் வாடகையைக் கூட்டாமல், பேசாமல் புதிய வரிமுறைக்குப் போவதே மேல்.

ரசீதில் என்ன இருக்க வேண்டும்

கடையில் விற்கும் ரசீதுப் புத்தகத்தில் பாதி விவரத்துக்கு இடமே இருக்காது. கீழே உள்ளதுபோல் தனியாக அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

வாடகை ரசீது
எண்: 7
தேதி: 05-10-2025
மதுரை, கே.கே.நகர், ............ தெரு, கதவு எண் ....... வீட்டின் 2025 அக்டோபர் மாத வாடகையாக ரூ. 20,000 (ரூபாய் இருபதாயிரம் மட்டும்), குடியிருப்பவர் ............ அவர்களிடமிருந்து 04-10-2025 அன்று வங்கிப் பரிமாற்றம் மூலம் (பரிமாற்ற எண் ............) பெற்றுக்கொண்டேன்.
வீட்டு உரிமையாளர் பெயர்:
உரிமையாளரின் முகவரி:
பான் எண்:
கையெழுத்து:

எந்த மாத வாடகை, எந்தத் தேதியில் வாங்கியது என்ற இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். மதுரையில் மாதம் முடிந்து அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் வாடகை கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது, முன்கூட்டியே கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. மாதப் பெயர் இல்லாத ரசீது 12 இருந்தாலும் எது எந்த மாதத்துக்கு என்று தெரியாது. கழிவு என்பது அந்த நிதியாண்டில் கொடுத்த வாடகைக்கு என்பதால், மார்ச் மாத வாடகையை மார்ச் 31க்குள் கொடுத்துவிடுவது சிக்கலைத் தவிர்க்கும்.

உரிமையாளரின் முகவரி என்ற இடத்தில் அவர் குடியிருக்கும் வீட்டு முகவரியை எழுத வேண்டும். உங்கள் வீட்டு முகவரியையே இரண்டு இடத்திலும் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். தபால் நிலையத்தில் கிடைக்கும். வங்கி வழியாகக் கொடுத்தால் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதத்துக்கே போகாமல் எல்லா ரசீதிலும் ஒட்டிவிடுங்கள், ஒரு ரூபாய்தான். கையெழுத்து ஸ்டாம்பின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக விழ வேண்டும். அந்த ஸ்டாம்பை மறுபடி எடுத்து ஒட்ட முடியாதபடி செய்வதற்காகவே அது. ஸ்டாம்புக்குப் பக்கத்தில் அழகாகப் போட்ட கையெழுத்தைக் கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். ஓனர் கைநாட்டு வைப்பவர் என்றால் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கி, கீழே சாட்சியாக அவர் வீட்டார் ஒருவரின் பெயரும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகை வேறு, மற்றச் செலவு வேறு. இபி பணம், தண்ணீர் லாரிப் பணம், அடுக்குமாடிப் பராமரிப்புத் தொகை எதுவும் கழிவில் சேராது. அட்வான்ஸும் வாடகை ஆகாது. ஒரே மீட்டரில் இரண்டு மூன்று வீடுகள் இருக்கும் இடங்களில் ஓனரே யூனிட் கணக்குப் போட்டு இபி பணம் வாங்குவார். வாடகையோடு சேர்த்து 21,450 என்று ஒரே தடவையாக அனுப்பிவிட்டால், வங்கிக் கணக்கில் ஒரு தொகையும் ரசீதில் வேறு தொகையும் இருக்கும். வாடகையைத் தனியாகவும் இபியைத் தனியாகவும் அனுப்புங்கள். காலி செய்யும்போது கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டால், "அட்வான்ஸ் தொகையில் சரிக்கட்டப்பட்டது" என்று அந்த மாத ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பெயரும் பான் எண்ணும்

நம் ஊர்ப் பெயர்களில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் "எஸ். முருகேசன்" என்று இருக்கும். பான் அட்டையில் இனிஷியல் விரிந்து "முருகேசன் சுப்பையா" என்றோ "சுப்பையா முருகேசன்" என்றோ இருக்கும். வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்துக்கூட்டு. சரிபார்ப்பவருக்கு இவர்கள் மூன்று பேர். ஆகவே பான் அட்டையை ஒருமுறை பார்த்து, அதில் ஆங்கிலத்தில் உள்ள எழுத்துக்கூட்டையே ஒப்பந்தத்திலும் ரசீதிலும் படிவத்திலும் எழுதுங்கள்.

பான் எண் மொத்தம் பத்து இடம். முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசி ஒன்று எழுத்து. தனிநபருக்கு நான்காவது எழுத்து P என்று இருக்கும். போனில் சொல்லக் கேட்டு எழுதும்போது O எழுத்தும் பூஜ்யமும், I எழுத்தும் ஒன்றும் இடம் மாறிவிடும். முதல் ஐந்து இடத்தில் பூஜ்யம் வரவே வராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தத் தவறை நீங்களே பிடித்துவிடலாம். அட்டையின் நகல் கொடுக்க ஓனர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். பெரும்பாலும் எண் மட்டும் போதும். நகலே கொடுத்தால், அதன் மேல் "வாடகைச் சான்றுக்கு மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதித் தரச் சொல்லுங்கள். அது அவருக்கும் நிம்மதி.

வீடு அப்பா பெயரில், பணம் போவது மகனின் ஜிபே எண்ணுக்கு என்பது இங்கே சர்வசாதாரணம். ரசீது அப்பா பெயரில் இருக்கட்டும். வருடக் கடைசியில் வாங்கும் உறுதிச்சான்றில், பணம் தம் சம்மதத்தோடு மகன் கணக்கில் பெறப்பட்டது என்று அவரே எழுதித் தர வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் நிற்கும் விண்ணப்பங்கள் நிறைய. உரிமையாளர் வெளிநாட்டில் வசித்து, இங்கே அம்மாவோ அண்ணனோ வாடகை வாங்கினால் அது வேறு விவகாரம். வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கொடுக்கும் வாடகையில் வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு குடியிருப்பவருடையது, தொகை சிறியது என்பதால் விலக்கு கிடையாது. சிங்கப்பூர், வளைகுடா ஓனர்களின் வீடு என்றால் ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

கையெழுத்திட்ட உறுதிச்சான்று

பல அலுவலகங்கள் ரசீதுகளோடு ஓனரிடமிருந்து ஓர் உறுதிச்சான்றும் கேட்கின்றன. கேட்காவிட்டாலும் வாங்கி வைப்பது நல்லது. அது இப்படி இருக்கலாம்:

"மதுரை, ............ முகவரியில் உள்ள வீடு எனக்குச் சொந்தமானது. இவ்வீட்டில் திரு/திருமதி ............ 01-04-2025 முதல் மாதம் ரூ. 20,000 வாடகைக்குக் குடியிருந்து வருகிறார். 2025 ஏப்ரல் முதல் 2025 டிசம்பர் வரை மொத்தம் ரூ. 1,80,000 வாடகையாகப் பெற்றுக்கொண்டேன். வாடகைத் தொகை என் சம்மதத்தின்பேரில் என் மகன் ............ வங்கிக் கணக்கில் பெறப்பட்டது. என் பான் எண் ............. மேற்கண்ட விவரங்கள் உண்மை." கீழே இடம், தேதி, பெயர், கையெழுத்து. மகன் கணக்குக்குப் போகாத பணம் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இதில் டிசம்பர் வரை மட்டும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். டிசம்பரில் சான்று வாங்கும்போது ஜனவரி, பிப்ரவரி, மார்ச் வாடகை இன்னும் கைமாறவில்லை. வாங்காத பணத்துக்கு வாங்கியதாகக் கையெழுத்துக் கேட்பது ஓனருக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நல்லதல்ல. மீதி மாதங்களுக்கு ஒப்பந்தத்தைக் காட்டலாம், அல்லது அந்த மாத ரசீதுகளைப் பிறகு சேர்க்கலாம்.

மாதாமாதம் ரசீது வாங்காமல் விட்டவர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஒரே உட்காரலில், ஒரே பேனாவில், பழைய தேதிகளைப் போட்டு 12 ரசீதுக்குக் கையெழுத்து வாங்குவார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், தேதியும் பொய். அதற்குப் பதிலாக, கையெழுத்துப் போடும் அன்றைய தேதியையே போட்டு, எந்தெந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று வங்கிக் கணக்கைப் பார்த்து வரிசையாக எழுதி, மேலே உள்ள உறுதிச்சான்றிலேயே சேர்த்து ஒரு கையெழுத்து வாங்குங்கள். தனித்தனி ரசீதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் அலுவலகத்திலும் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் ஏற்றுக்கொள்வார்கள்.

ஓனருக்குப் பான் அட்டையே இல்லை என்றால் வழி இருக்கிறது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் வேறு வருமானம் இல்லாமல் ஒரு வீட்டு வாடகையில் வாழும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். உறுதிச்சான்றில் பான் வரிக்குப் பதிலாக, "எனக்குப் பான் எண் வழங்கப்படவில்லை, நான் அதற்கு விண்ணப்பிக்கவும் இல்லை" என்று பெயர், முழு முகவரியோடு எழுதி வாங்க வேண்டும். ஆனால் பான் வைத்திருக்கும் ஓனரிடம், தொல்லை விட்டது என்று இப்படி எழுதி வாங்காதீர்கள். வங்கிக் கணக்கோடு பான் இணைந்திருக்கும் காலம் இது. அது பொய் வாக்குமூலம், அவரையும் சேர்த்து இழுத்துவிடும்.

அதேபோல் 20,000 கொடுத்துவிட்டு, பான் கேட்காமல் தப்பிக்க ரசீதில் 8,300 என்று குறைத்து எழுதுவதும் வேண்டாம். நம் உதாரணக்காரருக்கு ஆண்டு வாடகை 99,600 என்று ஆகிவிட்டால் 75,000 போகக் கழிவு 24,600 மட்டுமே. பழைய முறையே கட்டாது. கொடுக்காத வாடகையைக் கூட்டிக் காட்டுவது இன்னும் மோசம். வருமானத்தைத் திரித்துக் காட்டினால், ஏய்த்த வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் வரும்.

கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது

ஒப்பந்தம், ரசீது, உறுதிச்சான்று, வங்கிக் கணக்கு நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓனர் பெயர், வீட்டு முகவரி, தொகை, மாதம் இந்த நான்கையும் மட்டும் ஒத்துப் பாருங்கள். அதிகம் தவறுவது ஒப்பந்தத்தின் தேதியில். ஏப்ரலில் போட்ட 11 மாத ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிந்துவிடும், மார்ச் அந்தரத்தில் நிற்கும். புதுப்பித்த ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு நண்பர்கள் சேர்ந்து குடியிருந்தால் ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். ரசீதும் அவரவர் பங்குக்குத் தனித்தனியாக. ஒருவர் மொத்த வாடகைக்கும் கழிவு கேட்டு மற்றவர் பாதிக்குக் கேட்டால் இரண்டும் அடிபடும்.

அலுவலகத்தின் கடைசித் தேதி தவறிவிட்டாலும் கழிவு போய்விடாது. அலுவலகம் கூடுதலாக வரி பிடித்திருக்கும், அவ்வளவுதான். வழக்கமாக ஜூலை 31க்குள் நீங்கள் தாக்கல் செய்யும் ரிட்டனில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, எச்.ஆர்.ஏ. கழிவைக் கேட்டால் பிடித்த பணம் திரும்ப வரும். ஆனால் ரிட்டனைக் கடைசித் தேதிக்குள் போட வேண்டும், தாமதமானால் பழைய முறைக்கு மாற முடியாது. ரிட்டனோடு ரசீது எதையும் அனுப்ப வேண்டியதில்லை. பின்னால் நோட்டீஸ் வந்தால் காட்டத்தான் மூல ரசீதுகள் தேவை. ஸ்டாம்பு ஒட்டிய மூலத்தை ஸ்கேன் செய்துவிட்டு, வீட்டை மாற்றினாலும் வேலையை மாற்றினாலும் ஒப்பந்தத்தோடு சேர்த்து ஒரே உறையில் வைத்திருங்கள். ஓனரிடம் மறுபடி கையெழுத்துக் கேட்டுப் போவது, வீட்டைக் காலி செய்த பிறகு மிகவும் கஷ்டம்.